கடைசிச் சுற்றுக்குப் பன்னிரண்டரை விநாடி

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சுவரோரம் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கும். ஃப்ளைவீல் என்போம். எடை ஒன்று அதன் அச்சில் சுற்றிய நூலை இழுத்துக்கொண்டு இறங்கும், தரையில் 'தொப்' என்று விழும், நூல் கழன்றுகொள்ளும், சக்கரம் தன் பாட்டுக்குச் சுழலும். அந்தத் 'தொப்' சத்தத்துக்குப் பின் வரும் முதல் சுற்று, நான் கீழே சொல்லப்போகும் சக்கரத்தில், முக்கால் விநாடிகூட எடுக்காது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் பன்னிரண்டரை விநாடி ஆகும். சாக்பீஸால் போட்ட கோடு மேலே ஏறி, தயங்கி, இந்தப் பக்கம் இறங்குமா இறங்காதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மாணவர்கள் பொறுமையிழந்து ஸ்டாப்வாட்சை அழுத்திவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அந்தப் பன்னிரண்டரை விநாடியில் சக்கரத்தை நிறுத்துவது பேரிங்கின் உராய்வு. சோதனையின் பெயர் என்னவோ 'சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் காணல்'. ஆனால் அங்கே நாம் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி உராய்வை அளப்பதற்கே போகிறது. மாணவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வாய்ப்பாட்டில் எண்களைப் போட்டு விடையை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கிணற்று ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். வாளியைக் கயிற்றோடு விட்டால் அது எடுத்த எடுப்பில் சர்ரென்று விழுவதில்லை. ராட்டினத்தையும் சுழற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் தாமதிக்கிறது. ராட்டினம் பெரிய இரும்பு வளையமாக இருந்தால் தாமதம் கூடும். அதே எடையை அச்சுக்கு அருகிலேயே திரட்டி வைத்த சின்ன ராட்டினமாக இருந்தால் குறையும். சுழற்சிக்குச் சக்கரம் காட்டும் இந்தத் தயக்கம்தான் நிலைமத் திருப்புத்திறன். எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது. தூரம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும்.

ஆனால் வாளி மெதுவாக இறங்க இன்னொரு காரணமும் இருக்கலாம். எண்ணெய் காணாத ராட்டினம் கிறீச்சிடுமே, அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு தாமதமும் ஒன்றுபோலத்தான் தெரியும். சக்கரம் கனமா, பேரிங் இறுக்கமா என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தச் சோதனையின் சூட்சுமம்.

ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். எடை 9.6 கிலோ, ஆரம் 12.5 சென்டிமீட்டர். அச்சின் ஆரம், நூலின் பாதித் தடிமனையும் சேர்த்து, 1.25 சென்டிமீட்டர். அச்சில் ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருக்கும். நூலின் ஒரு முனையில் தளர்வான கண்ணி போட்டு அதில் மாட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பத்துச் சுற்று சுற்றுகிறோம். மறுமுனையில் அரைக் கிலோ எடை. பத்துச் சுற்றும் அவிழ்ந்து முடியும்போது எடை சரியாகத் தரையைத் தொட வேண்டும், கண்ணியும் அப்போதே கழல வேண்டும். நூலின் நீளத்தை இதற்கேற்ப வைப்பதில்தான் முதல் அரைமணி நேரம் போகும். நூல் நீளம் குறைந்தால் எடை தரையைத் தொடும் முன்பே கண்ணி கழன்றுவிடும். கண்ணி இறுகி முளையிலேயே சிக்கினால், சக்கரம் நூலை மறுபுறம் சுற்றிக்கொண்டு எடையை மீண்டும் மேலே தூக்கத் தொடங்கும். அந்த அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை.

எடை இறங்கிய உயரம் 78.5 சென்டிமீட்டர். இதைச் சுற்றுகளிலிருந்து கணக்கிடாமல் மீட்டர் அளவுகோலால் நேரடியாக அளப்பது நல்லது. நூலின் தடிமனை மறந்து அச்சின் ஆரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் நூலுக்கே உயரத்தில் நான்கு சதவீதம் பிழை வந்துவிடும்.

எடை தரையில் விழுந்ததும் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, ஒருவர் சுற்றுகளை எண்ணுகிறார். சக்கரம் 92 சுற்று சுற்றி, 120 விநாடியில் நிற்கிறது.

இனி வரவு செலவு. அரைக் கிலோ எடை 78.5 சென்டிமீட்டர் இறங்கியதில் கிடைத்த ஆற்றல் 3.85 ஜூல். அது மூன்று வழியில் செலவாகிறது. எடை கீழே வந்து சேரும்போது அதற்கென்று இருந்த வேகத்துக்கு ஒரு பங்கு. இது 0.004 ஜூல்தான், தூசு. சக்கரத்தின் சுழற்சிக்கு ஒரு பங்கு. இதைத்தான் நாம் தேடுகிறோம். மூன்றாவது, பேரிங் வாங்கிக்கொள்ளும் சுங்கம். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பேரிங் கொஞ்சம் ஆற்றலைப் பிடுங்கி வெப்பமாக்கிவிடுகிறது.

சுங்கம் எவ்வளவு என்று பேரிங்கைக் கழற்றிப் பார்த்து அறிய முடியாது. சக்கரத்தையே சொல்ல வைக்கிறோம். நூல் கழன்ற பிறகு சக்கரத்தை முடுக்கவோ இழுக்கவோ யாரும் இல்லை, பேரிங் மட்டுமே இருக்கிறது. ஆகவே சக்கரத்தின் கையில் இருந்த ஆற்றல் முழுவதும் 92 சுற்றுச் சுங்கமாகக் கரைந்தது என்று ஆகிறது. அப்படியானால் ஒரு சுற்றுச் சுங்கம் அதில் 92-இல் ஒரு பங்கு. எடை இறங்கும்போது சக்கரம் சுற்றிய பத்துச் சுற்றுக்கு, பத்துப் பங்கு. சக்கரத்தின் ஆற்றல் எவ்வளவு என்று தெரியாமலேயே அதற்கும் சுங்கத்துக்கும் உள்ள விகிதம் கைக்கு வந்துவிட்டது பாருங்கள். இந்த உத்தி எனக்கு எப்போதும் பிடித்தது.

தொடக்க வேகம் இன்னும் வேண்டும். உராய்வு சீராக இருந்தால் வேகமும் சீராகக் குறையும். அப்போது தொடக்க வேகம் சராசரி வேகத்தைப் போல் சரியாக இரு மடங்கு. 120 விநாடியில் 92 சுற்று என்றால் சராசரி விநாடிக்கு 0.77 சுற்று, தொடக்கத்தில் 1.53 சுற்று. இவ்வளவையும் சேர்த்து எழுதினால் பாடப்புத்தக வாய்ப்பாடு வந்துவிடும்:

ω = 4πN/t

I = m(2gh/ω² − r²) / (1 + n/N)

இதில் m தொங்கவிட்ட எடை, h அது இறங்கிய உயரம், r அச்சின் ஆரம், n இறங்கும்போது சுற்றிய பத்துச் சுற்று, N பிறகு சுற்றிய 92 சுற்று. நம் எண்களைப் போட்டால் ω விநாடிக்கு 9.63 ரேடியன். மேல் பகுதி 0.0828 வருகிறது. கீழே உள்ள அடைப்புக்குறி 1.109. வகுத்தால் 0.0747 கிலோகிராம் மீட்டர்².

சரிதானா? சக்கரம் சீரான தட்டு என்பதால், எடையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பார்க்கலாம். 0.075 வருகிறது. பேரிங்கை மறந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது 0.0828, அதாவது 11 சதவீதம் அதிகம். எப்போதும் அதிகமாகத்தான் வரும், குறைவாக வராது. காரணம் அந்த ராட்டினக் கதைதான்: இறுக்கத்தால் வந்த தாமதத்தையும் கனத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஒரு நாள் நான் மேஜையை விட்டு நகர்ந்த நேரத்தில், சக்கரம் 'ஓடவில்லை' என்று ஒரு மாணவர் ஆய்வக உதவியாளரிடம் சொல்லி பேரிங்கில் எண்ணெய் விட வைத்துவிட்டார். அதுவரை 92 சுற்றில் நின்ற சக்கரம் அதன்பின் 165 சுற்று சுற்றியது, 210 விநாடி ஆயிற்று. பாதி அளவீட்டை எடுத்து முடித்திருந்த அடுத்த மாணவி பதறிப்போனார். "சார், ரீடிங் எல்லாம் மாறிப்போச்சு, மறுபடி முதல்லேருந்து எடுக்கணுமா?" என்றார். கணக்கைப் போட்டுப் பாரும்மா என்றேன். சுங்கத்தைக் கழிக்காத மதிப்பு 0.0828-இலிருந்து 0.0789-க்கு இறங்கியிருந்தது. கழித்த மதிப்போ முன்பு 0.0747, இப்போது 0.0744. எண்ணெய் விட்டதால் சக்கரத்தின் எடையோ வடிவமோ மாறவில்லை. ஆகவே மாறக்கூடாதது மாறவில்லை, மாற வேண்டியது மாறிவிட்டது. திட்டமிட்டுச் செய்திருந்தாலும் உராய்வுத் திருத்தத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. அதற்குப் பிறகு, கிரீஸ் காய்ந்த நிலையில் ஒரு முறை, எண்ணெய் விட்டு ஒரு முறை என்று வேண்டுமென்றே செய்ய வைப்பது என் வழக்கமாயிற்று.

சுங்கத்தை எண்ணாகவும் சொல்லலாம். எண்ணெய் விடுவதற்கு முன் சுற்றுக்கு 0.0377 ஜூல். திருப்பு விசையாகச் சொன்னால் 0.006 நியூட்டன் மீட்டர். இது பெரிதா சிறிதா என்று உணர ஒரு வழி: அதே அச்சில் நூல் சுற்றி 49 கிராம் தொங்கவிட்டால் அதன் இழுப்பு இதற்குச் சமம். அதாவது 49 கிராமைத் தொங்கவிட்டு, சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளிவிட்டால், எடை வேகம் கூடாமலும் குறையாமலும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். தள்ளிவிடாமல் தானாகக் கிளம்பாது, ஏனென்றால் நின்ற நிலையிலுள்ள உராய்வு ஓடும்போது உள்ளதைவிடச் சற்று அதிகம். எண்ணிப் பெற்ற சுங்கத்தை வேறொரு வழியில் சோதிக்க இது போதும், ஐந்து நிமிட வேலை.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் பேரிங் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே சுங்கம்தான் வாங்குகிறது என்ற நம்பிக்கை. உலர்ந்த பரப்புகள் உரசும்போது இது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் பேரிங்குக்குள் உலர்ந்த பரப்பு மட்டுமா இருக்கிறது? எஃகுக் குண்டுகள் கிரீஸைக் கலக்கிக்கொண்டே உருள்கின்றன. கெட்டியான திரவத்தை வேகமாகக் கலக்கினால் அதிகம் எதிர்க்கும், மெல்லக் கலக்கினால் விட்டுக்கொடுக்கும். மாவு கரைத்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே கிரீஸ் நிறைந்த பேரிங் வேகத்துக்கேற்பச் சுங்கத்தைக் கூட்டும். அப்போது 'தொடக்க வேகம் சராசரியின் இரு மடங்கு' என்ற கணக்கு பொய்த்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சுங்கம் மாறாமல் இருந்தால், சக்கரம் நிற்க எடுக்கும் நேரத்தின் முதல் பாதியிலேயே மொத்தச் சுற்றில் சரியாக முக்கால் பங்கு முடிந்துவிடும். நம் சக்கரத்தில் 60 விநாடி ஆனபோது 69 சுற்று. மீதி 23 சுற்றுக்குத்தான் இன்னொரு 60 விநாடி. எண்ணுகிறவர் எண்ணிக்கொண்டே இருக்கட்டும், ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் 60 விநாடியில் "இப்போ" என்று குரல் கொடுக்கட்டும். அந்த நேரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது, அரைச் சுற்றுத் துல்லியமாகப் படித்துவிடலாம்.

இன்னொரு சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 92 சுற்று, அதுவும் 120 விநாடி. ஆனால் 60 விநாடியில் 69 அல்ல, 71. இரண்டு சுற்றுதானே என்று தோன்றும். கிரீஸின் இழுப்பு வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், இந்தச் சக்கரத்தின் உண்மையான தொடக்க வேகம் விநாடிக்கு 1.53 சுற்று இல்லை, 1.68. வாய்ப்பாட்டில் வேகத்தின் வர்க்கம் வருவதால் பிழை 15 சதவீதத்தைத் தாண்டும். வாய்ப்பாடு 0.0747 என்று சொல்லும், உண்மை 0.0625-க்குப் பக்கத்தில் இருக்கும். உராய்வைத் திருத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, திருத்தாமல் விட்டதைவிடப் பெரிய பிழையைச் சுமந்துகொண்டிருப்போம்.

கைபேசி வந்த பிறகு இதற்கு மருந்து எளிது. சாக்பீஸ் கோடு தெரியும்படி சக்கரத்தை வீடியோ எடுத்து, நூல் கழன்ற பின் முதல் ஐந்து சுற்று எடுத்த நேரத்தைப் படம் படமாக நகர்த்திப் பார்த்தால் தொடக்க வேகம் நேரடியாகக் கிடைக்கும். சராசரியை இரட்டிப்பாக்கும் வேலையே இல்லை. நம் முதல் சக்கரத்துக்கு அந்த ஐந்து சுற்று 3.3 விநாடி.

தொல்லை இன்னும் ஒன்று உண்டு, அது பேரிங்கால் வருவதல்ல, ஆனால் பழி பேரிங்கின் மேல் விழும். சக்கரத்தின் ஒரு பக்கம் துளி கனம் கூடியிருந்தால் கடைசியில் அது நேராக நிற்காது, ஊசல் போல முன்னும் பின்னும் ஆடி நிற்கும். விளிம்பில் ஐந்து கிராம் கூடினாலே அதன் இழுப்பு நம் பேரிங்கின் மொத்த உராய்வுக்குச் சமமாகிவிடுகிறது. நாலைந்து முறை ஓடவிட்டுப் பாருங்கள். சாக்பீஸ் கோடு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் கவலையில்லை. ஒரே இடத்தைத் தேடிப் போய் நின்றால் சக்கரம் ஒருச்சாய்ந்தது என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் களிமண் ஒட்டிச் சமன் செய்யலாம்.

சரி, இந்தச் சுங்கச்சாவடியே இல்லாத சாலை இருக்கிறதா? இருக்கிறது. அதைக் காட்டியவர், உராய்வு விதிகளோடு பெயர் ஒட்டிக்கொண்ட அதே கூலும் என்பதுதான் வேடிக்கை.

சார்ல் கூலும் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். உலர்ந்த பரப்புகளின் உராய்வு அழுத்தும் சுமைக்கேற்ப ஏறும், வேகத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது என்று விரிவான சோதனைகளால் காட்டி 1781-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். நம் ஃப்ளைவீல் கணக்கு நம்பியிருப்பது இந்த விதியைத்தான். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1777-இல், திசைகாட்டி ஊசி பற்றிய போட்டிக்கு அவர் எழுதியதில் உராய்வை விட்டு ஓடும் வழியைச் சொல்லிவிட்டார். ஊசியைக் கூர்முனையில் நிறுத்தினால் அங்கே உரசும், ஊசி உண்மைத் திசையை அடையும் முன்பே நின்றுவிடும். அதனால் மெல்லிய நூலில் தொங்கவிடுங்கள் என்றார். நூல் உரசாது, முறுகும். முறுகல் திரும்பக் கொடுத்துவிடும், உராய்வு கொடுக்காது. அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டே போய் 1784-இல் கம்பிகளின் முறுக்கம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். கம்பியில் உருளையைத் தொங்கவிட்டு ஆட்டி, முறுக்கின் எதிர்ப்பு முறுக்கிய கோணத்துக்கு நேர் விகிதம் என்றும், கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்றும் கண்டார்.

நம் ஆய்வகங்களில் உள்ள முறுக்கு ஊசல் அதன் நேரடி வாரிசு. மேலே ஒரு பிடியில் எஃகுக் கம்பி, கீழே அதன் நடுவில் தொங்கும் தட்டு. தட்டைக் கொஞ்சம் திருப்பி விட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திரும்பித் திரும்பி ஆடும். பேரிங் கிடையாது. தட்டு கனமாக இருந்தால் அலைவு நேரம் கூடும், கம்பி விறைப்பாக இருந்தால் குறையும்.

கம்பியின் விறைப்பு நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே காரியத்தை முடிக்க ஒரு தந்திரம் உண்டு. 1.2 கிலோ எடையும் 10 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள தட்டு என்று வைத்துக்கொள்வோம். வெறும் தட்டோடு பத்து அலைவுக்கு 66.5 விநாடி. தட்டின் மேல், மையத்துக்கு இரு பக்கமும் 3 சென்டிமீட்டர் தள்ளி 200 கிராம் எடைகள் இரண்டை வைத்தால் 68.7 விநாடி. அவற்றையே 8 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் 79.6 விநாடி. எடைகளை நகர்த்தியதால் நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு கூடியது என்பது அளவுகோலை வைத்தே தெரியும். அது 0.0022. அந்தத் தெரிந்த கூடுதல் அலைவு நேரத்தை எவ்வளவு மாற்றியது என்று பார்த்து, தெரியாத தட்டை எடைபோடுகிறோம்:

I = 2m(d2² − d1²) × T0² / (T2² − T1²)

ஓர் அலைவுக்கு 6.65, 6.87, 7.96 விநாடி என்று போட்டால் 0.0060 கிலோகிராம் மீட்டர்² வருகிறது. தட்டின் எடையிலும் ஆரத்திலும் இருந்து கணக்கிட்டாலும் 0.0060 தான்.

உராய்வு இங்கே ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. காற்று தடுக்கிறது, கம்பியின் உள்ளேயும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் நாம் அளப்பது ஆட்டத்தின் அகலத்தை அல்ல, நேரத்தை. இருபது அலைவில் அகலம் பாதியாகக் குறைகிறது என்று வைத்தால்கூட, அதனால் அலைவு நேரம் மாறுவது லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. ஃப்ளைவீலில் 11 சதவீதம் பிடுங்கிய உராய்வு இங்கே ஸ்டாப்வாட்சின் கண்ணுக்கே தெரியவில்லை. தணிவு சிறிதாக இருந்தால் அதன் வர்க்கம்தான் அலைவு நேரத்தைத் தொடும், சிறிய எண்ணின் வர்க்கம் இன்னும் மிகச் சிறியது.

சில இடங்களில் கம்பிக்குப் பதிலாகச் சுருள் வில்லும், தட்டைத் தாங்க ஒரு பேரிங்கும் வைத்த முறுக்கு ஊசல் இருக்கும். பேரிங் திரும்ப வந்துவிட்டது, அதைக் காட்டிக்கொடுப்பது ஆட்டம் அடங்கும் விதம். ஒவ்வோர் அலைவின் முடிவிலும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 90, 81, 73, 66 பாகை என்று ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது காற்றும் கிரீஸும். 90, 80, 70, 60 என்று ஒரே அளவாகக் குறைந்தால் அது உலர்ந்த உராய்வு, பேரிங்கில் அழுக்கு ஏறியிருக்கிறது. அந்த ஊசல் கடைசியில் சரியாக நடுவிலும் நிற்காது, கொஞ்சம் தள்ளி எங்கேயோ நின்றுவிடும்.

கம்பி ஊசலுக்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு. தட்டை விடும்போது கை பக்கவாட்டில் பட்டால், திரும்புவதோடு கடிகார ஊசல் போலவும் ஆடும். அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். கம்பியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தால் கம்பி பிடிக்குள்ளேயே வழுக்கும். ஓய்வில் தட்டு நிற்கும் இடம் சோதனைக்கு முன்பும் பின்பும் வேறாக இருந்தால் அதுதான் காரணம். மற்றபடி, தட்டின் நிலைமத் திருப்புத்திறனுக்குக் கம்பியின் ஆரம் தேவையே இல்லை. அதே ரெக்கார்ட் நோட்டில் அடுத்து வரும் 'கம்பியின் விறைப்புக் குணகம்' என்ற கணக்குக்குத்தான் ஆரத்தின் நான்காம் அடுக்கு வேண்டும். ஸ்க்ரூ கேஜில் ஒரு சதவீதம் தவறினால் அங்கே நான்கு சதவீதம் தவறும். இரண்டு விடையையும் ஒரே நம்பிக்கையோடு எழுதிவைப்பது சரியில்லை.

அப்படியானால் ஃப்ளைவீலைத் தூக்கி எறிந்துவிடலாமா? பத்துக் கிலோ சக்கரத்தை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு ஆட்டுவது லேசான வேலையல்ல. எஞ்சினிலோ மோட்டாரிலோ ஓடப்போகும் சக்கரத்தைப் பற்றி அறிய விரும்புகிறவருக்கு அதன் பேரிங் எவ்வளவு சுங்கம் கேட்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். முறுக்கு ஊசல் அதைப் பற்றி வாயே திறக்காது. ஃப்ளைவீல் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் சொல்லிவிடும், நாம் கேட்கத் தெரிந்துகொண்டால்.

கேட்பதற்குத் தேவையானது அட்டவணையில் ஒரு கட்டம் மட்டுமே. ஆய்வகத்தில் நிற்கும் ஆசிரியர்களுக்கும் அடுத்த வாரம் அந்தச் சக்கரத்தின் முன் நிற்கப்போகும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: சுற்றுகளின் எண்ணிக்கை, நின்ற நேரம் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று வரைந்துகொள்ளுங்கள். தலைப்பு, 'பாதி நேரத்தில் எத்தனை சுற்று?' முதல் ஓட்டத்தில் நிற்கும் நேரம் தெரிந்துவிடும், இரண்டாவது ஓட்டத்தில் அதில் பாதி வரும்போது குரல் கொடுங்கள். முக்கால் பங்கு வந்தால் வாய்ப்பாட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வராவிட்டால் கைபேசியை எடுங்கள்.